முகப்புப் பக்கத்துக்கு 5 நொடிச் சோதனை: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறை. ஹோட்டல்களுக்கான டில்டிங் கிரைண்டர் செய்கிறார்கள், 10 லிட்டரில் தொடங்கி 40 லிட்டர் வரை. மாவு ஆட்டி முடிந்ததும் டிரம்மை அப்படியே சாய்த்துக் கொட்டிக்கொள்ளும் பெரிய மெஷின். போன வருஷம் புதிதாக வெப்சைட் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதன் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சைட்டுல இருந்து தினமும் வாட்ஸ்அப்புல மெசேஜ் வருதுங்க. ஆனா வர்றவங்க எல்லாம் 2 லிட்டர் டேபிள் டாப் என்ன விலைன்னுதான் கேக்கறாங்க. நாங்க அதைச் செய்யறதே இல்லீங்களே."

விளம்பரத்தை யாருக்குக் காட்டுகிறோம் என்பதில்தான் தப்பு என்று அவர் நினைத்தார். எனக்கு முகப்புப் பக்கத்தின் மேல் சந்தேகம் வந்தது. மெசேஜ் அனுப்புகிறார்கள் என்றால் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இதை வாதம் செய்து தீர்க்க முடியாது, அளந்து பார்த்துவிடலாம். சின்ன நிறுவனங்களின் முகப்புப் பக்கத்தை நான் இப்படித்தான் அளக்கிறேன். எந்த அறிகுறிக்கு என்ன கோளாறு என்பதை இந்தப் பட்டறையை வைத்தே சொல்கிறேன்.

## முதலில் அளக்கும் முறை

பக்கத்தை 5 நொடி காட்டி, மறைத்து, என்ன நினைவிருக்கிறது என்று கேட்பது பழைய முறை. யூசர் இன்டர்ஃபேஸ் எஞ்சினியரிங் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்த கிறிஸ்டின் பெர்ஃபெட்டி இதைப் பற்றி எழுதிப் பரவலாக்கினார். நான் அதில் மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. ஒருவர் பார்த்தால் அதிகபட்சம் 10.

வேண்டியது ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதைக் கம்ப்யூட்டரில் எடுக்காமல் போனில் எடுங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டை மேலே எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்பதும் படத்தில் இருக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் நீளமாக எடுக்காதீர்கள், விரலால் தள்ளுவதற்கு முன் தெரியும் முதல் திரை மட்டும் போதும். அதை இப்படி ஒரு சின்னக் கோப்பில் வைத்து போனிலேயே திறந்து காட்டுங்கள்:

```html
<meta name="viewport" content="width=device-width">
<img src="home.png" width="100%"
 onload="setTimeout(() => this.remove(), 5000)">
```

படம் முழுதாக வந்த பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும், 5 நொடியில் மறைந்துவிடும். போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதைவிட இது நல்லது. நீங்கள் கை நீட்டினாலே பார்ப்பவரின் கண் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

காட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "ஒரு படம் 5 நொடி வரும், அப்புறம் சில கேள்வி கேட்பேன்." "ஒரு கிரைண்டர் கம்பெனி சைட் பாருங்க" என்று ஆரம்பித்தால் முதல் கேள்விக்கான பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

படம் மறைந்ததும் இந்த வரிசையில் கேட்கிறேன். என்ன பார்த்தீர்கள், இவர்கள் என்ன செய்கிறார்கள்? யாருக்காகச் செய்கிறார்கள்? மற்றவர்களிடம் இல்லாத எது இவர்களிடம் இருப்பதாகத் தோன்றியது? இவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? கடைசியாக, பெயர் நினைவிருக்கிறதா? பெயரை முதலில் கேட்டால் பரீட்சை எழுதுவது போல ஆள் பதறிவிடுகிறார். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

பதிலை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணை அப்போது போடாதீர்கள். எது 2, எது 1 என்பதைச் சோதனைக்கு முன்பே தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். இந்தப் பட்டறைக்கு முதல் கேள்வியில் "கிரைண்டர் செய்றாங்க" என்றால் 2, "சமையலறை மெஷின்" என்றால் 1, வேறெதுவானாலும் 0. இரண்டாம் கேள்வியில் ஹோட்டல், மெஸ், மாவுக் கடை என்று வந்தால் 2, "ஹோட்டல் சம்பந்தமா ஏதோ" என்று இழுத்தால் 1. பிறகு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். இருவருக்கும் வேறுபடும் இடங்களில் பெரும்பாலும் நாம் எழுதிய விதிதான் தெளிவில்லாமல் இருக்கும்.

## அறிகுறி: உரிமையாளர் 9 போடுகிறார், மற்றவர்கள் 4 போடுகிறார்கள்

இது எல்லா இடத்திலும் நடக்கும், பட்டறையிலும் நடந்தது. உரிமையாளரும் அவர் மகனும் பக்கத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிகிறது என்றார்கள். தெரியத்தான் செய்யும், அவர்கள் படிப்பது தங்கள் நினைவை. சைட் செய்து கொடுத்தவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒருமுறை பார்த்தவர் யாராக இருந்தாலும் அவர் மதிப்பெண் செல்லாது. திருத்திய பிறகு சோதிக்கும்போதும் பழைய ஆட்களையே உட்கார வைக்கக் கூடாது.

நாங்கள் கூப்பிட்டது ஏழு பேர். மூன்று பேர் ஹோட்டல் நடத்துபவர்கள், மற்றவர்கள் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ் சூப்பர்வைசர், ஒரு மாவுக் கடைக்காரர், ஒரு கேட்டரிங்காரர், சமையலறை உபகரணம் வாங்கி விற்கும் ஒரு டீலர். எல்லாரும் இந்த மெஷினை வாங்கக்கூடியவர்கள். தெருவில் போகிறவரைப் பிடித்து வந்தால் அவருக்கு டில்டிங் கிரைண்டர் என்ற சொல்லே தெரியாது. அவர் 0 வாங்கினால் பக்கத்தில் கோளாறு என்று சொல்ல முடியாது.

ஏழு பேர் போதுமா என்று கேட்பார்கள். 4.0 வந்த பக்கம் 4.6 ஆனதா என்று பார்ப்பதற்குப் போதாது, அவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தை ஏழு பேரை வைத்து நம்பக் கூடாது. ஆனால் ஒரே கேள்வியில் ஏழில் நான்கு பேர் 0 வாங்கினால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அதனால் மொத்தத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது ஒவ்வொரு கேள்வியும் தனியாக என்ன வாங்கியது என்பதை. ஏழு பேருக்கு ஒரு கேள்வியின் முழு மதிப்பெண் 14.

எங்களுக்கு வந்தது இது: என்ன செய்கிறார்கள் 5, யாருக்கு 3, என்ன தனித்தன்மை 2, எப்படித் தொடர்புகொள்வது 10, பெயர் 8. மொத்தம் 70க்கு 28, சராசரி 4.

இதைப் பார்த்ததுமே உரிமையாளரின் புகாருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கீழே பச்சை வாட்ஸ்அப் பொத்தான் பெரிதாக இருக்கிறது, அதை ஏழில் ஐந்து பேர் பிடித்துவிட்டார்கள். ஆனால் என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. அப்படி இருந்தால் எல்லாரும் உள்ளே வரத்தான் செய்வார்கள்.

## அறிகுறி: "நல்லா இருக்குங்க" என்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை

ஏழு பேரில் ஐந்து பேரின் முதல் சொல் "நல்லா இருக்கு". இதற்கு மதிப்பெண் கிடையாது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கம் அழகாக இருக்கிறதா இல்லையா என்ற எண்ணம் 50 மில்லி நொடியில், அதாவது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில் உருவாகிவிடுகிறது என்று கண்டார்கள். அது பிடித்திருக்கிறதா என்பதைப் பற்றிய எண்ணம். புரிந்ததா என்பது வேறு விஷயம், அதற்கு ஒரு சொல்லையாவது படிக்க வேண்டும். மிச்சமிருக்கும் நொடிகளில் படிக்கக் கிடைத்த சொல் என்ன என்பதுதான் கேள்வி.

இந்தப் பக்கத்தில் கிடைத்த சொல் "சமையலறையின் எதிர்காலம் இங்கே தொடங்குகிறது". பெரிய எழுத்தில், நடுவில். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "தரம், நம்பிக்கை, புதுமை". ஏழு பேரின் பதிலை எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. "மாடுலர் கிச்சன் பண்றவங்க" என்றார் ஹாஸ்டல் சூப்பர்வைசர். "ஏதோ ஹோட்டல் மாதிரி இருந்துச்சு" என்று ஒரு ஹோட்டல்காரரே சொன்னார். "கிச்சன் சாமான்" என்றார் கேட்டரிங்காரர். இன்னும் இரண்டு பேர் "தெரியலீங்க" என்றார்கள். டீலர் மட்டும் சரியாகச் சொன்னார், அவருக்கு மெஷினின் உருவமே பழக்கம். மாவுக் கடைக்காரரும் கிரைண்டர் என்றார். அவர் சேர்த்துச் சொன்ன ஒரு சொல்லுக்கு அடுத்த அறிகுறியில் வருகிறேன்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தலைப்பு வரியை மட்டும் எடுத்து, முற்றிலும் வேறு தொழில் செய்கிற ஒருவரின் போர்டில் எழுதிப் பாருங்கள். "சமையலறையின் எதிர்காலம்" கேஸ் அடுப்புக் கடைக்கும் பொருந்தும், டைல்ஸ் கடைக்கும் பொருந்தும், மசாலாப் பொடிக்கும் பொருந்தும். பொருந்தினால் அந்த வரி உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

மருந்து, தலைப்பில் பொருளின் பெயர்ச்சொல்லை வைப்பது. அதுவும் வாங்குபவர் வாயில் வரும் பெயரை. இங்கே ஒரு சின்ன இழுபறி நடந்தது. உரிமையாளர் "வணிகப் பயன்பாட்டு ஈரமாவு அரவை இயந்திரம்" என்று போட வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் மேல் உள்ள பிரியம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் ஹோட்டல்காரர் போனில் அவரிடம் கேட்பது "டில்டிங் கிரைண்டர் 20 லிட்டர் இருக்குங்களா" என்றுதான். 5 நொடியில் கண்ணில் படும் சொல், ஏற்கனவே காதில் இருக்கும் சொல்லாக இருந்தால் மட்டுமே மனசில் ஒட்டும். கடைசியில் ஒப்புக்கொண்டு அவரே எழுதிக் கொடுத்தார்: "கோவையில் தயாராகும் டில்டிங் கிரைண்டர்."

இதை மட்டும் மாற்றி, புதிதாக ஐந்து பேரிடம் காட்டினோம். ஐந்து பேரும் கிரைண்டர் என்றார்கள். ஆனால் யாருக்கு என்று கேட்டால் மூன்று பேர் "வீட்டுக்குத்தானே" என்றார்கள்.

## அறிகுறி: பொருளைச் சரியாகச் சொல்கிறார்கள், ஆளைத் தப்பாகச் சொல்கிறார்கள்

முதல் சுற்றில் மாவுக் கடைக்காரர் சொன்ன சொல் இதுதான்: "வீட்டு கிரைண்டர்." தலைப்பை மாற்றிய பிறகும் அதே பதில் வந்தது. டேபிள் டாப் கேட்டு வந்த மெசேஜ் எல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

வரியில் தப்பு இல்லை என்றால் படத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் மெஷின் படம் இருந்தது, நல்ல கேமராவில் எடுத்தது. வெள்ளைப் பின்னணி, சுற்றிலும் எதுவுமில்லை, பளபளவென்று ஸ்டீல் டிரம். பிரச்சினையும் அதுதான். இடுப்பு உயரம் இருக்கும் 20 லிட்டர் மெஷினையும் மேடையில் வைக்கும் 2 லிட்டர் மெஷினையும் வெள்ளைப் பின்னணியில் ஒரே அளவில் வைத்தால், போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அளவு தெரிவதற்கு அருகில் ஒரு பொருளோ ஆளோ வேண்டும்.

இந்தக் கோளாறு படத்திலா எழுத்திலா என்று பிரிக்க, ஸ்க்ரீன்ஷாட்டில் எழுத்தை எல்லாம் மறைத்துவிட்டு படத்தை மட்டும் இரண்டு பேரிடம் காட்டுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் வேறு இரண்டு பேரிடம் காட்டுங்கள். எங்களுக்குப் படம் மட்டும் பார்த்தவர்கள் இருவரும் "மிக்ஸி கிரைண்டர் கடை" என்றார்கள். எழுத்து மட்டும் பார்த்தவர்கள் "பெரிய கிரைண்டரா இருக்கும்" என்றார்கள். படமும் எழுத்தும் முரண்பட்டால் பார்ப்பவர் படத்தைத்தான் நம்புகிறார். இதுவரை நான் செய்த சோதனைகளில் இதற்கு மாறாக நடந்து பார்த்ததில்லை.

புதுப் படம் பட்டறையில் எடுக்கவில்லை. அவர்களிடம் வாங்கிய ஒரு மெஸ்ஸின் பின்கட்டுக்குப் போனோம். காலை நான்கு மணிக்கு மாவு ஆட்டி முடிகிற நேரம். மாஸ்டர் டிரம்மைச் சாய்த்து, உளுந்து மாவைக் கையால் வழித்து அண்டாவுக்குள் தள்ளுகிறார். மெஷின் அவர் இடுப்புக்கு மேல் நிற்கிறது, அண்டா அவர் முழங்கால் உயரம். மூன்று மணி நேரம் ஸ்டுடியோ விளக்கு வைத்து எடுத்த பழைய படத்தை விட, போனிலேயே எடுத்த இந்தப் படம் 5 நொடியில் அதிகம் சொல்கிறது: இது பெரியது, சாய்கிறது, வீட்டில் வைப்பதில்லை. ஆள் இல்லாமல் எடுத்தால் இதில் ஒன்றும் தெரியாது. வெளிநாட்டு சமையல்காரர் வெள்ளைத் தொப்பியோடு சிரிக்கும் படத்தைக் காசு கொடுத்து வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்ப்பவர் "ஏதோ ரெஸ்டாரண்ட்" என்பார்.

தலைப்பையும் கூடவே திருத்தினோம்: "ஹோட்டல், மெஸ், மாவுக் கடைகளுக்கு டில்டிங் கிரைண்டர்." அடுத்த வரியில் "10 முதல் 40 லிட்டர் வரை". அந்த எண் இரண்டு வேலை செய்கிறது. வாங்குபவருக்கு அளவு தெரிகிறது, 2 லிட்டர் தேடி வந்தவர் தானாகவே திரும்பிப் போகிறார்.

## அறிகுறி: ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்

ஒருவர் கிரைண்டர் என்கிறார், அடுத்தவர் தோசைக்கல் என்கிறார், மூன்றாமவர் சர்வீஸ் சென்டர் என்கிறார். இந்தப் பட்டறையில் இது இல்லை, ஆனால் அடிக்கடி பார்ப்பது. பெரும்பாலும் காரணம் மேலே தானாக ஓடும் பேனர்தான். ஸ்க்ரீன்ஷாட்டை எந்த நொடியில் எடுத்தோமோ அந்தப் படம்தான் சோதனைக்கு வருகிறது. நேரில் பார்ப்பவருக்கோ இரண்டு படம் பாதி பாதியாகக் கண்ணில் படும். நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் சைட்டில் எரிக் ரன்யன் 2013இல் கணக்கெடுத்தபோது, அப்படி ஓடும் பேனரைச் சொடுக்கியவர்கள் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அதிலும் பெரும்பகுதி முதல் படத்தின் மேல். ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதல் படத்தை மட்டும் வைத்து மறுபடி சோதியுங்கள். எதை முதல் படமாக வைப்பது என்று வீட்டுக்குள் சண்டை வந்தால், அதிக வருமானம் தரும் பொருள் எதுவோ அது.

## அறிகுறி: பெயர் மட்டும் ஒட்டவில்லை, அல்லது வேறு பெயர் சொல்கிறார்கள்

பெயருக்கு 14க்கு 8 வந்தது சுமார்தான். இரண்டு பேர் ஒரு பெயர் சொன்னார்கள், அது லோகோவில் உள்ளது. இன்னும் இரண்டு பேர் கீழே சின்னதாக இருந்த "இன்டஸ்ட்ரீஸ்" என்று முடியும் வேறு பெயரைச் சொன்னார்கள். ஜிஎஸ்டி பில்லில் உள்ளது அது. மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதோ மூன்றாவது ஒன்று, உரிமையாளரின் அப்பா காலத்துப் பெயர். ஊரில் எல்லாரும் கூப்பிடுவதும் அதைத்தான்.

வாங்கிப் பயன்படுத்துபவருக்கு ஸ்டிக்கர்தான் கண்ணில் படும், அதனால் அந்தப் பெயரையே லோகோவாகவும் வைக்கச் சொன்னேன். பில்லில் உள்ள பெயரைப் பக்கத்தின் அடியில் முகவரியோடு போட்டுவிட்டால் போதும். எழுத்தின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிர்ச் சாம்பல் லோகோ வெள்ளை மேல் இருந்தால் வெயிலில் போன் பார்ப்பவருக்குப் பெயரே இல்லாத மாதிரிதான். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்பது வலை அணுகல் தரநிலை சொல்லும் குறைந்தபட்ச நிற வேறுபாடு. லோகோவுக்கு அது கட்டாயமில்லை என்று தரநிலையே விலக்குத் தருகிறது, ஆனால் பெயரைப் படிக்க வேண்டியவருக்கு அந்த விலக்கால் பயன் இல்லை.

## அறிகுறி: ஸ்க்ரீன்ஷாட்டில் 8, நேரில் திறந்தால் 4

ஸ்க்ரீன்ஷாட் சோதனை ஒரு விஷயத்தை முழுவதுமாக மறைத்துவிடுகிறது: பக்கம் வருவதற்கு ஆகும் நேரம். 5 நொடியில் 3 நொடி வெள்ளைத் திரை என்றால் உங்களுக்குக் கிடைத்தது 2 நொடிதான். அதனால் இரண்டாவது சுற்றை நேரில் செய்ய வேண்டும். குரோமில் F12 அழுத்தி, Ctrl+Shift+M தட்டி, போன் அளவுக்கு மாற்றி, Network பகுதியில் "Slow 4G" தேர்ந்தெடுங்கள். "Disable cache" என்பதையும் டிக் செய்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் படம் வந்துவிட்டது, தலைப்பு வரவில்லை. எழுத்து இருக்கும் இடம் காலியாக இருந்தது, பிறகு பட்டென்று வந்தது. இது தமிழ்ப் பக்கங்களில் நிறைய நடக்கும். தனியாக ஒரு தமிழ் எழுத்துருவைச் சர்வரிலிருந்து இறக்கச் சொல்லியிருப்பார்கள். அது வரும் வரை பிரவுசர் எழுத்தைக் காட்டாமல் வைத்திருக்கும், குரோம் சுமார் 3 நொடி வரை காத்திருக்கும். 5 நொடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. சரிசெய்ய ஒரே வரி போதும்:

```css
@font-face {
  font-family: "Noto Sans Tamil";
  src: url("nst.woff2") format("woff2");
  font-display: swap;
}
```

`font-display: swap` என்ற வரிதான் மருந்து. எழுத்துரு வரும்வரை போனில் ஏற்கனவே இருக்கும் தமிழ் எழுத்தில் வரியைக் காட்டிவிடும், அப்புறம் மாற்றிக்கொள்ளும். மாறும்போது வரி லேசாகக் குதிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் நல்ல தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது என்பதால், சின்ன நிறுவனத்துக்குத் தனி எழுத்துருவே வேண்டாம் என்பது என் கருத்து.

படம்தான் தாமதம் என்றால் இரண்டு இடம் பாருங்கள். கேமராவிலிருந்து நேராக ஏற்றிய சில எம்பி கனமுள்ள கோப்பா என்று பாருங்கள், போனுக்கு 100 முதல் 200 கேபி வரை போதும். அடுத்தது, முதல் படத்தின் மேல் `loading="lazy"` இருக்கிறதா என்று பாருங்கள். அது கீழே இருக்கும் படங்களுக்கு நல்லது, முதல் படத்துக்குப் போட்டால் பிரவுசர் அதைத் தள்ளிப்போடும். எடுத்துவிடுங்கள். திரையின் பெரிய உறுப்பு 2.5 நொடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

எழுத்தும் படமும் சரியாக வந்தும் மதிப்பெண் குறைந்தால், மேலே என்ன வந்து மூடுகிறது என்று பாருங்கள். "ஆஃபர் பெற நம்பர் தாருங்கள்" என்று இரண்டாவது நொடியில் எழும் பெட்டி எல்லாவற்றையும் மறைத்துவிடும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் 360 பிக்சல் அகலப் போனில் தலைப்பு நான்கு வரியாக மடங்கி, படத்தைத் திரைக்குக் கீழே தள்ளிவிடுவதும் உண்டு. கம்ப்யூட்டரில் ஒரே வரியாக அழகாக இருந்தது என்று சைட் செய்தவர் சொல்வார், அது உண்மைதான்.

## அறிகுறி: மற்ற நான்கும் ஏறிவிட்டன, தனித்தன்மை மட்டும் ஏறவில்லை

எல்லாம் மாற்றிய பிறகு புதிதாக ஏழு பேரை உட்கார வைத்தோம், அதே வகை ஆட்கள்.

| கேள்வி | முன் (14க்கு) | பின் (14க்கு) |
|---|---|---|
| என்ன | 5 | 13 |
| யாருக்கு | 3 | 12 |
| தனித்தன்மை | 2 | 7 |
| தொடர்பு | 10 | 10 |
| பெயர் | 8 | 11 |

மொத்தம் 70க்கு 53, சராசரி 7.6. தனித்தன்மை மட்டும் பாதியில் நிற்கிறது.

பழைய பக்கத்தில் தனித்தன்மை என்று இருந்தது ஐஎஸ்ஓ முத்திரையும் "கோவை" என்ற ஊர்ப் பெயரும்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயர் மதிப்புள்ளது. ஆனால் பக்கத்துத் தெருவில் உள்ள பட்டறைக்கும் அதே ஊர்தானே. வாங்குபவர் இரண்டு பேரை ஒப்பிடும்போது அது உதவாது.

உரிமையாளரிடம் "உங்களிடம் வாங்கியவர் மறுபடி ஏன் வருகிறார்" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கல்லு தேஞ்சா நம்ம ஆளே போய்க் கொத்திக் குடுத்துட்டு வருவானுங்க. மத்தவங்க கல்லைக் கழட்டி அனுப்பச் சொல்லுவாங்க. ரெண்டு நாள் ஹோட்டலுக்கு மாவு இருக்காது." இதைவிட நல்ல வரியை எவராலும் எழுதித் தர முடியாது. "கல் தேய்ந்தால் உங்கள் கடைக்கே வந்து கொத்தித் தருகிறோம்" என்று படத்துக்குக் கீழே வைத்தோம். ஏழில் மூன்று பேர் அதை அப்படியே சொன்னார்கள், ஒருவர் "சர்வீஸ் குடுப்பாங்க" என்றார், 1 போட்டோம். மூன்று பேர் பார்க்கவேயில்லை.

அந்த மூன்று பேரையும் மறுபடி படத்தைக் காட்டிக் கேட்டோம். இது மதிப்பெண்ணுக்காக இல்லை, காரணம் தெரிந்துகொள்ளத்தான். மூவருக்கும் படத்தில் மாஸ்டரின் கை வரைதான் கண் போயிருக்கிறது. அதற்குக் கீழே இருந்த வரி, வாட்ஸ்அப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றதால், பொத்தானின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள். வரியைப் படத்துக்கு மேல், தலைப்பை ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறோம். அடுத்த ஏழு பேர் இந்த மாசக் கடைசியில் வருகிறார்கள்.

மெசேஜ்கள் எண்ணிக்கையில் குறைந்திருக்கின்றன என்று உரிமையாளர் கொஞ்சம் கவலையோடுதான் சொன்னார். போனைக் காட்டினார். கடைசியாக வந்தது ஒரு ஹாஸ்டலிலிருந்து: "40 லிட்டருக்கு த்ரீ பேஸ் லைன் வேணுமா, சிங்கிள் பேஸ்லயே ஓடுமா?"